ஒரே ஒரு தேவை, நிறைய தொழில் வழிகள்: மன வரைபடம் வளர்த்து வட்டமிடுவது எப்படி

தொழில் தொடங்க நினைப்பவர் ஒரு யோசனையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஒரு தேவையை எடுத்துத் தாளில் விரித்துப் பார்ப்பது நல்லது. நடுவில் தேவை, அதைச் சுற்றிக் கிளைகள், கிளைகளின் நுனியில் தொழில் வழிகள். இதைத்தான் மன வரைபடம் என்கிறோம். படம் வரைவது எளிது. ஆனால் பலருடைய வரைபடங்கள் முதல் சுற்றோடு நின்றுவிடும். அந்த முதல் சுற்றில் இருப்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். புதிய வழிகள் மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் வரும். அங்கே எப்படிப் போவது, போனபின் எதை வட்டமிடுவது என்பதை ஒரே ஒரு தேவையை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்ளும் தேவை இது: தினமும் பல மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், அவற்றை வேளை தவறாமல் சரியாகச் சாப்பிட வேண்டும்.

நடுவில் என்ன எழுதுவது

பெரிய தாள் ஒன்றைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ3 அளவு இருந்தால் வசதி, இல்லாவிட்டால் இரண்டு ஏ4 தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். மூன்று நிறத்தில் பேனா வேண்டும். ஒன்று தேவைகளுக்கு, ஒன்று தொழில் வழிகளுக்கு, ஒன்று கடைசியில் வட்டமிடுவதற்கு. கணினியில் வரைய நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன என்றாலும், முதல் முறை கையால் வரையச் சொல்வேன். மென்பொருள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடும். அரைகுறையாக இருப்பதும் முடிந்தது போலத் தெரியும்.

நடுவில் எழுதும் வாக்கியத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "மாத்திரை டப்பா" என்று எழுதினால் டப்பாவின் வகைகள்தான் கிளைகளாக வரும். "மருந்து நினைவூட்டும் ஆப்" என்று எழுதினால் அந்த ஆப்பின் வசதிகள் வரும். இரண்டுமே தீர்வுகள், தேவை அல்ல. எழுதியதைக் கடையில் காசு கொடுத்து வாங்கவோ போனில் இறக்கிக்கொள்ளவோ முடியும் என்றால், நீங்கள் தீர்வை எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுபக்கம், "ஆரோக்கியம்" என்று எழுதினால் அது கடல், எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. இந்தத் தேவை கடைசியாக எந்த ஆளுக்கு, எந்த நேரத்தில் நிறைவேறாமல் போனது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அளவு சரி. "வேளைக்கு மாத்திரை சாப்பிடணும்" என்று பேச்சுவழக்கிலேயே எழுதி, சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

முதல் சுற்றுக் கிளைகள்

இங்கே பொருள், சேவை, ஆப் என்று பிரிக்காதீர்கள். அது பின்னால் வரும். முதல் சுற்றில் கேள்விகளை வையுங்கள்: யார்? எப்போது? எங்கே? எதில் பிசகுகிறது? இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்? கூட யார் இருக்கிறார்கள்? ஆறு கிளை போதும். ஒவ்வொரு கோட்டின்மேலும் ஒன்றிரண்டு சொல் மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் அங்கிருந்து அடுத்த கிளை முளைக்காது.

இப்போது ஒவ்வொன்றையும் விரிக்க வேண்டும். இந்த நேரத்தில் "இது நடக்காது", "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று எதையும் அடிக்க வேண்டாம். வளர்ப்பதையும் கழிப்பதையும் ஒரே உட்காரலில் செய்தால் கை தயங்கும். கழிக்கிற வேலைக்கு நாளை இருக்கிறது.

"யார்" என்ற கிளையில் வயதானவர் என்று முதலில் வரும். அதோடு நிறுத்தாமல் ஆளை மாற்றி மாற்றிப் பாருங்கள். பார்வை குறைந்தவர், பள்ளிக்குப் போகும் குழந்தை, இரவுப் பணிக்காரர், நேர மண்டலம் தாண்டிப் பயணம் செய்கிறவர், வீட்டு நாய்க்கு மருந்து கொடுக்கிறவர். கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அங்கே மருந்து சாப்பிடுவது ஒருவர், கொடுப்பது இன்னொருவர். அந்தப் பிரிவினை குழந்தைக்கும் பொருந்தும், படுக்கையில் இருப்பவருக்கும் பொருந்தும். இப்படி ஓரத்தில் இருக்கிற ஆளை நினைத்தால் நடுவில் இருக்கிறவருடைய சிக்கலும் புதிதாகத் தெரியும்.

பிசகும் இடத்தில் நிறைய நேரம் செலவிடுங்கள்

ஆறு கிளையில் எனக்கு முக்கியமாகப் படுவது "எதில் பிசகுகிறது" என்பதுதான். தாளில் இதற்குப் பெரிய இடம் ஒதுக்குங்கள்.

முதலில் எல்லோரும் எழுதுவது "மறதி". சரி, எழுதுங்கள். அப்புறம் அதிலிருந்து ஒரு கோடு இழுத்து, "அதற்குப் பிறகு என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிட மறந்தவர் பத்து மணிக்கு நினைவு வந்து சாப்பிட்டுவிடுகிறார், அது ஒரு வகை. இன்னொருவருக்கோ, சாப்பிட்டோமா இல்லையா என்பதே நினைவில்லை. இது வேறு சிக்கல். முதல் சிக்கலுக்கு அலாரம் உதவும், இரண்டாவதற்கு உதவாது. அலாரம் அடித்ததும் அதை அணைத்தது நினைவிருக்கும், விழுங்கியது நினைவிருக்காது. மறுபடி சாப்பிட்டால் இரட்டை அளவாகிவிடுமோ என்ற பயமும் கூடவே வரும்.

இந்தச் சின்னச் சந்தேகத்திலிருந்து ஒரு பொருளே பிறந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைகள் பாட்டிலில் உதிரியாக வந்தன. டேவிட் வாக்னர் என்ற பொறியாளரின் மனைவி அதைச் சாப்பிட்டு வந்தார். இன்றைக்குச் சாப்பிட்டாயிற்றா என்ற கேள்வி வீட்டில் திரும்பத் திரும்ப வந்தது. வாக்னர் ஒரு தாளில் நாள்களின் பெயரை எழுதி, அதன்மேல் மாத்திரைகளை வைத்தார். ஒரு நாள் அது சரிந்து மாத்திரைகள் தரையில் சிதறின. அதன் பிறகுதான் நாள் காட்டுகிற வட்ட வடிவப் பொதியைச் செய்து 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1964இல் கிடைத்தது. அவருடைய பொதி நினைவூட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒலி கிடையாது, மணி கிடையாது. காலியான குழி "சாப்பிட்டாயிற்று" என்று காட்டியது, அவ்வளவுதான். "மறதி" என்ற சொல்லோடு நின்றிருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து, "அதற்கு முன் என்ன நடந்தது?" என்று பின்னோக்கிக் கேளுங்கள். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. ஏன்? ஐந்து மருந்து ஐந்து வெவ்வேறு நாளில் தீர்கிறது. இன்னொரு பக்கம், அட்டையைப் பிரிக்க விரலில் வலுவில்லை. அட்டைக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் படிக்க முடியவில்லை. மருத்துவர் மருந்தை மாற்றினார், பழையது இன்னும் டப்பாவில் இருக்கிறது. வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டார். இது கற்பனை அல்ல, மூட்டு வாதத்துக்குக் கொடுக்கிற மெதோட்ரெக்சேட் மாத்திரையில் இந்தத் தவறு நடந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. நாள் முக்கியம், வேளை மட்டும் முக்கியமல்ல என்று தாளில் ஒரு புதிய கிளை இங்கே முளைக்கும்.

இன்னொரு கிளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: வேண்டுமென்றே விடுவது. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது, மாத்திரை போட்டால் தலைசுற்றுகிறது, செலவு கட்டவில்லை. நீண்டகால நோய்க்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50% பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. மீதிப் பேர் எல்லோரும் மறதிக்காரர்கள் அல்ல. வேண்டுமென்றே விடுகிறவருக்கு எத்தனை அலாரம் வைத்தாலும் அவர் அணைக்கத்தான் போகிறார். அவருக்கு வேண்டியது யாராவது உட்கார்ந்து பேசுவது.

இந்தப் பகுதி இப்போது தாளில் சுமாராக இப்படி இருக்கும்:

```
எதில் பிசகுகிறது
 ├ மறதி
 │   ├ தாமதமாக நினைவு வரும்
 │   └ சாப்பிட்டோமா என்ற சந்தேகம் ─ இரட்டை அளவு பயம்
 ├ தீர்ந்துபோனது ─ ஐந்து மருந்து, ஐந்து தேதி
 ├ கை, கண் ─ அட்டை பிரியவில்லை, பெயர் தெரியவில்லை
 ├ மருந்து மாறியது ─ பழையது டப்பாவில்
 ├ வாரம் ஒரு முறை மருந்து ─ தினமும் சாப்பிட்டார்
 └ வேண்டுமென்றே ─ தலைசுற்றல், செலவு, "நல்லாத்தானே இருக்கேன்"
```

கை நின்றுவிட்டால், எதுவும் எழுதாமல் வெற்றுக் கோடு இரண்டு இழுத்துவிட்டுக் காத்திருங்கள். காலியாக நிற்கிற கோடு கண்ணை உறுத்தும், ஏதாவது ஒன்று வரும். அப்படியும் வராவிட்டால், உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்று பொருள். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறவரிடம் போய், "நேற்று ராத்திரி மாத்திரை கொடுத்ததை ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு கிளை மட்டும் கொழுத்து மற்றவை ஈர்க்குச்சியாக இருந்தாலும் இதே மருந்துதான்.

மற்ற கிளைகளை இவ்வளவு ஆழமாகப் பார்க்க வேண்டியதில்லை. "எங்கே" என்பதில் வீடு, வேலையிடம், பயணம், விசேஷ வீடு என்று வந்துவிடும். "எப்போது" என்பதில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரம். "கூட யார்" என்பதில் பிள்ளைகள், வாழ்க்கைத்துணை, பகலில் வரும் உதவியாளர், இரவில் வரும் இன்னொருவர். "எப்படிச் சமாளிக்கிறார்கள்" என்பதில் காலண்டரில் கோடு கிழிப்பது, அட்டையின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதுவது, மாத்திரையைத் தட்டோடு மேசையில் வைத்துவிடுவது. இந்தக் கைவைத்தியங்களைக் கவனமாக எழுதுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

தேவைக் கிளையிலிருந்து தொழில் வழிக்கு

இப்போது பேனா நிறத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு நுனிக்கும் போய், இதைத் தீர்க்கக் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் என்ன செய்யலாம் என்று ஓர் இலையாவது வரையுங்கள். ஒரே நுனியில் வேறு வேறு வடிவங்களை முயன்று பாருங்கள். பொருள், வீட்டுக்கு வந்து செய்யும் சேவை, பயிற்சி, மென்பொருள், மற்றொரு தொழில்காரருக்கு விற்கும் கருவி.

"சாப்பிட்டோமா என்ற சந்தேகம்" என்ற நுனியில், மூடி கடைசியாகத் திறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் பாட்டில், எந்த அட்டையிலும் ஒட்டக்கூடிய நாள் ஸ்டிக்கர் என்று இரண்டு இலை வரலாம். "ஐந்து தேதி" என்ற நுனியில், எல்லா மருந்தும் ஒரே நாளில் தீரும்படி மருந்துக்கடைக்கு அட்டவணை போட்டுக்கொடுக்கும் மென்பொருள். "அட்டை பிரியவில்லை" என்பதில், மாத்திரையை அழுத்தி வெளியே தள்ளும் சின்னக் கருவி. "கூட யார்" என்பதில், பார்த்துக்கொள்கிறவர் மாறும்போது கைமாற்றிக்கொள்ளும் ஒருபக்க மருந்துத் தாள். ஒவ்வொரு வேளைக்குமான மாத்திரைகளைச் சேர்த்துச் சிறு பொட்டலமாகக் கொடுக்கும் சேவையும் ஓர் இலைதான்.

எழுதி முடித்ததும் ஒரு முறை எட்ட நின்று பாருங்கள். எல்லா இலையும் ஆப்பாகவே இருந்தால் நீங்கள் தேவையைப் பார்க்காமல் உங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பார்த்திருக்கிறீர்கள். "எளிமையான", "ஸ்மார்ட்" போன்ற சொற்கள் மட்டும் நுனியில் நின்றாலும் அங்கே இன்னும் எதுவும் இல்லை. யார் என்ன செய்து கொடுக்கிறார் என்று எழுதும்வரை அது இலையே அல்ல.

சரி, தாளை மடித்து வைத்துவிடுங்கள். இன்றைக்கு வட்டமிட வேண்டாம். வரைந்த சூட்டில், கடைசியாகத் தோன்றியதுதான் சிறந்ததாகத் தெரியும்.

மறுநாள்: முதலில் இணைப்புக்கோடு, பிறகு வட்டம்

வட்டமிடும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரே விஷயம் இரண்டு வெவ்வேறு கிளையில் வந்திருக்கிறதா என்று தேடி, அவற்றைப் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். நம் வரைபடத்தில் "மருந்து மாறியது, பழையது டப்பாவில்" என்பது பிசகுக் கிளையில் இருக்கிறது. "வீடு திரும்பிய முதல் வாரம்" என்பது எப்போது என்ற கிளையில் இருக்கிறது. இரண்டும் ஒரே சம்பவத்தின் இரண்டு பக்கங்கள். மருத்துவமனையில் மருந்தை மாற்றுகிறார்கள், வீட்டில் பழைய டப்பா காத்திருக்கிறது. அதே வாரத்தில்தான் வீட்டில் பலர் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது புள்ளிக்கோடும் அங்கேயே வந்து சேரும். கோடுகள் குவிகிற இடம் கவனிக்க வேண்டிய இடம்.

இனி ஒவ்வொரு இலையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சிக்கலுக்கு இப்போதே யாராவது கைவைத்தியம் செய்கிறார்களா? இதற்குப் பணம் தருகிறவர் யார் என்று ஓர் ஆளைக் காட்ட முடியுமா? நான், என்னிடம் இருப்பதை வைத்து, ஒரு வாரத்தில் சின்ன அளவில் செய்து காட்ட முடியுமா? மூன்றுக்கும் பதிலை இலையின் பக்கத்திலேயே எழுத வேண்டும். மனசுக்குள் "ஆமாம்" சொல்லிக்கொண்டு வட்டம் போட்டால், பிடித்த யோசனைக்குத்தான் வட்டம் விழும்.

நினைவூட்டும் ஆப்பை எடுத்துக்கொள்வோம். சிக்கல் தினமும் வருவதுதான். ஆனால் போனில் அலாரம் இலவசமாகவே இருக்கிறது, இதற்கென்றே ஆப்களும் நிறைய இருக்கின்றன. சந்தேகக்காரருக்கும் வேண்டுமென்றே விடுகிறவருக்கும் இது உதவாது என்று வரைபடமே சொல்லிவிட்டது. வட்டம் இல்லை.

பொட்டலச் சேவை இதற்கு நேர்மாறு. தேவை வலுவானது, பணம் தருகிறவர்களும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் தொடங்கிய பில்பேக் என்ற நிறுவனம் வேளைவாரியாகப் பொட்டலம் போட்டு வீட்டுக்கு அனுப்பியது, 2018இல் அதை அமேசான் வாங்கியது. ஆனால் மூன்றாவது கேள்வியில் புதியவர் தட்டி நிற்பார். பலருடைய மருந்தைப் பிரித்துப் பொட்டலம் போட்டு விற்பது பொதுவாக உரிமம் பெற்ற மருந்தகம் செய்ய வேண்டிய வேலை. எல்லா மாத்திரையையும் பிரித்து வைக்கவும் முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டபிகாட்ரான் ஈரப்பதத்தில் கெடும், அதன் சொந்தப் பொதியிலேயே இருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையையும் அது வந்த கண்ணாடிப் பாட்டிலை விட்டு மாற்றக் கூடாது. இந்த இலைக்குப் புள்ளி வட்டம் போடுங்கள். மருந்தகம் ஒன்று கூட்டாளியாக வந்தால் மட்டும் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கைமாற்றுத் தாள் பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் கைவைத்தியம்? இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டு, குடும்பக் குழுவில் "கொடுத்தாச்சு" என்ற செய்தி. பணம் தருகிறவர்? தூரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வீட்டுக்கு உதவியாளர்களை அனுப்பும் நிறுவனங்கள். ஒரு வாரத்தில்? தாளும் பேனாவும் போதும். அதோடு மூன்று புள்ளிக்கோடும் இதன் பக்கத்தில்தான் குவிகின்றன. ஆகவே கைமாற்றுத் தாளையும் வீடு திரும்பிய முதல் வாரத்தையும் சேர்த்து ஒரே வட்டம்: அந்த வாரத்தில் ஒரு மருந்தாளுநர் வீட்டுக்கு வந்து, பழைய மருந்தையும் புதிய மருந்தையும் மருத்துவர் கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியது எது என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுப்பது. அளவை மாற்றுவதோ, விட்டுப்போன வேளைக்கு என்ன செய்வது என்று முடிவுசெய்வதோ இதில் சேராது. குழப்பம் தெரிந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த எல்லையையும் வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நாற்பது இலை இருந்தாலும் மூன்று வட்டத்துக்கு மேல் போடாதீர்கள். ஏழெட்டு வட்டம் விழுந்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, திரும்ப எண்ணியிருக்கிறீர்கள்.

வட்டத்துக்குப் பிறகு

வட்டமிட்ட ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: யாருக்கு, எந்த நேரத்தில், என்ன செய்து கொடுக்கிறேன், யார் பணம் தருவார். இதில் ஏதாவது ஒன்றுக்கு இடம் காலியாக இருந்தால் வட்டத்தை அழித்துவிட்டு அந்தக் கிளையை மறுபடி வளர்க்க வேண்டும்.

வாக்கியம் முழுதாக வந்தால், அதில் சொன்ன மாதிரி ஆள்கள் ஐந்து பேரைத் தேடிப் பேசுங்கள். "இப்படி ஒரு சேவை இருந்தால் வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "கடைசியாக மருத்துவமனையிலிருந்து வந்தபோது மாத்திரைகளை எப்படிப் பிரித்தீர்கள், யார் பிரித்தார்கள், எவ்வளவு நேரமாயிற்று" என்று நடந்ததைக் கேளுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் "அதுல என்ன கஷ்டம், சீட்டைப் பார்த்தோம், எடுத்து வெச்சோம்" என்றால் அடுத்த வட்டத்துக்குப் போகலாம். ஒருவர் எழுந்து உள்ளே போய் பழைய மருந்துப் பையை எடுத்துவந்து, "இதைப் பாருங்க, இன்னும் எது வேணும் எது வேண்டாம்னே தெரியல" என்று மேசையில் கொட்டினால், புதிய தாள் ஒன்றை எடுத்து, அந்தப் பையை நடுவில் எழுதி, மறுபடி ஆறு கிளையிலிருந்து தொடங்குங்கள்.